ஒன்பது ஆண்டுகள் வைத்திருந்த சேமிப்புக் கணக்கு: நாளாந்த மீதியும் காலாண்டு வட்டியும்

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் வசிக்கும் நண்பர் ஒருவர், ஓய்வூதியப் பணத்தைப் போட்டுவைக்க ஒரு சேமிப்புக் கணக்குத் திறக்கவிருப்பதாகச் சொல்லிக் கடந்த வாரம் வீட்டுக்கு வந்தார். "மாஸ்டர், நீங்கள் கனகாலமாய் அந்த வங்கியிலைதானே வைச்சிருக்கிறியள், வட்டி ஒழுங்காய்ப் போடுறாங்களோ?" என்று கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வட்டியை அவர்கள் ஒழுங்காகவே போடுகிறார்கள். அதை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நான் அறிந்துகொள்ள வேண்டுமானால், ஒவ்வொரு தடவையும் ஒரு கொப்பியும் பேனையுமாக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட வேண்டியிருக்கிறது. அவருக்கு அன்று விளக்கியதையே இங்கு எழுதுகிறேன். வங்கியின் பெயர் இதற்குத் தேவையில்லை.

என் கணக்கின் வட்டி வீதம் ஆண்டுக்கு 3 சதவீதம். ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது கணக்கில் எவ்வளவு நிற்கிறதோ, அந்தத் தொகைக்கு அன்றைய ஒரு நாள் வட்டி கணிக்கப்படும். அது உடனே கணக்கில் சேராது. தனியே சேர்ந்துகொண்டு போய், மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் ஆகிய மாதங்களின் கடைசி நாளில் ஒரே தொகையாக வரவுவைக்கப்படும். கணிப்பது நாளாந்தம், வரவுவைப்பது காலாண்டுக்கு ஒரு முறை என்ற இந்த இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்று சேர்ந்த வட்டிக்கு நாளை வட்டி கிடைப்பதில்லை. காலாண்டு முடிவில் முதலோடு சேர்ந்த பின்னரே அது தானும் வட்டி ஈட்டத் தொடங்கும்.

2025 ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலாண்டையே நண்பருக்கு உதாரணமாக எடுத்தேன், ஏனெனில் அந்தக் காலாண்டில்தான் எனக்கும் வங்கிக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. ஜூலை 1 ஆம் திகதி கணக்கில் 180,000 ரூபா இருந்தது. ஜூலை 11 இல் கிணற்று மோட்டரை மாற்றுவதற்காக 60,000 எடுத்தேன். காப்புறுதி முதிர்வுத் தொகையாக வந்த 200,000 ரூபாக் காசோலையை ஓகஸ்ட் 1 ஆம் திகதி வைப்பிலிட்டேன். ஓகஸ்ட் 20 இல் கூரை வேலைக்காக 250,000 எடுத்தேன். எஞ்சிய 70,000 ரூபா செப்டெம்பர் 30 வரை அசையாமல் கிடந்தது.

இதைக் கணிக்க ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே வட்டி பார்க்க வேண்டியதில்லை. மீதி மாறாமல் நின்ற நாட்களை ஒன்றாக எடுத்து, மீதியை அந்த நாட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, வீதத்தால் பெருக்கி 365 ஆல் வகுத்தால் போதும். நாட்களை எண்ணும்போதுதான் பிழை வரும். நாள் முடிவில் நிற்கும் மீதியே கணக்கில் எடுக்கப்படுவதால், பணம் போட்ட நாள் வட்டிக்கு உரியது, பணம் எடுத்த நாள் அந்தப் பணத்துக்கு வட்டி தராது. ஆகவே 180,000 ரூபா ஜூலை 10 வரை மட்டுமே நின்றதாகக் கொள்ள வேண்டும். 11 ஆம் திகதியையும் அதனோடு சேர்த்து எண்ணினால் அந்த நாள் இரண்டு தடவை வந்துவிடும். எல்லா நாட்களையும் கூட்டும்போது அந்தக் காலாண்டின் 92 நாட்களும் சரியாக வருகின்றனவா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

நான் முதலில் எழுதிய கணக்கில் 180,000 ரூபா 10 நாட்கள், 120,000 ரூபா 21 நாட்கள், 320,000 ரூபா 19 நாட்கள், 70,000 ரூபா 42 நாட்கள் என்று இருந்தது. மொத்தம் 92 நாட்கள். பெருக்கங்களைக் கூட்ட 13,340,000 வந்தது. அதன் 3 சதவீதம் 400,200. அதை 365 ஆல் வகுக்க 1,096 ரூபா 44 சதம்.

வங்கிப் புத்தகத்திலோ செப்டெம்பர் 30 ஆம் திகதிக்கு எதிரே வட்டி என்று ஒரே ஒரு வரி அச்சாகியிருந்தது. தொகை 927.61. அதற்கு மேலும் கீழும் வேறு எதுவும் இல்லை.

என் ஒன்பது ஆண்டு மனக்குறை முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. எந்த மீதிக்கு எத்தனை நாள், என்ன வீதம், வரியாக எவ்வளவு பிடிக்கப்பட்டது என்று எதுவும் அதில் இல்லை. இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியிலிருந்து வங்கி முற்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர்கள் சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் இந்த வரியைப் பிடிக்க மாட்டார்கள். நான் அதைக் கொடுக்காமல் விட்டது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடித்த தொகையைத் தனி வரியாகக் காட்டாமல், கழித்து வந்ததை மட்டும் அச்சிட்டால், வட்டி குறைந்ததா வரி கூடியதா என்று ஒரு சாதாரண வாடிக்கையாளர் எப்படி அறிவார்? 927.61 ஐ 0.9 ஆல் வகுத்துப் பார்த்த பிறகே, வரிக்கு முந்திய வட்டி 1,030 ரூபா 68 சதம் என்பது எனக்குத் தெரிந்தது. அதன் பின்னும் என் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் இடையில் 65 ரூபா 76 சதம் வித்தியாசம் நின்றது.

கிளைக்குப் போய்க் கேட்டேன். கருமபீடத்தில் இருந்த பிள்ளை மரியாதையாகவே பேசினார். "ஐயா, வட்டி கணினி தானாகப் போடுறது, அதிலை பிழை வராது" என்றார். பிழை என்று நான் சொல்லவில்லை, எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன் என்றேன். அதைக் காட்டும் தாள் எதுவும் தங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த வித்தியாசத்தையே பிடித்துக்கொண்டு இருந்தேன். சில சதங்கள் மட்டும் வேறுபட்டிருந்தால், ஒவ்வொரு நாள் வட்டியையும் இரண்டு தசம இலக்கங்களுக்குச் சுருக்கியதால் வந்தது என்று விட்டிருப்பேன். இந்தக் காலாண்டில் அப்படிச் செய்திருந்தால் 28 சதம் குறைந்திருக்கும். 65 ரூபா அப்படி வராது. எனவே கணக்கில் நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நாள் வட்டி என்ன என்று பார்த்தேன். 60,000 ரூபாவுக்கு ஒரு நாள் வட்டி 4 ரூபா 93 சதம். 250,000 ரூபாவுக்கு 20 ரூபா 55 சதம். இவ்விரண்டாலும் 65.76 ஐ வகுத்தால் முழு நாள் வரவில்லை. காசோலையின் 200,000 ரூபாவுக்கு ஒரு நாள் வட்டி 16 ரூபா 44 சதம். அதனால் வகுத்தபோது சரியாக நான்கு வந்தது.

அந்த நான்கு நாட்களும் காசோலையின் நாட்கள். ஓகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை. அன்று பிற்பகல், காசோலை ஏற்கும் நேரம் முடிந்த பிறகே நான் அதைக் கொடுத்திருந்தேன். ஆகவே அது திங்கட்கிழமை கொடுக்கப்பட்டதாகவே கொள்ளப்பட்டு, மற்றைய வங்கியிலிருந்து பணம் தீர்வாகி, 5 ஆம் திகதி செவ்வாய்க்கிழமையே என் கணக்கில் உண்மையாகச் சேர்ந்தது. வட்டி தொடங்குவது காசோலையைக் கொடுத்த நாளிலிருந்து அல்ல, அதன் பணம் வந்து சேர்ந்த நாளிலிருந்து. திருத்தி எழுதினேன்:

180,000 × 10 நாட்கள் = 1,800,000
120,000 × 25 நாட்கள் = 3,000,000
320,000 × 15 நாட்கள் = 4,800,000
70,000 × 42 நாட்கள் = 2,940,000

மொத்தம் 12,540,000. அதன் 3 சதவீதம் 376,200. 365 ஆல் வகுக்க 1,030 ரூபா 68 சதம். வரி 103 ரூபா 7 சதம் போக 927 ரூபா 61 சதம். ஒரு சதம்கூட மாறவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். கணினி சொன்னதை நம்பியதால் வந்த நிம்மதி அல்ல அது. என் கையால் கண்டுபிடித்த உண்மை. வெள்ளிக்கிழமை காலையிலேயே காசோலையைக் கொடுத்திருந்தால் அது திங்கட்கிழமை சேர்ந்து, ஒரு நாள் வட்டி எனக்கு மிஞ்சியிருக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

நாளாந்த மீதிக்கு வட்டி கணிக்கும் முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதன் பெறுமதி எனக்குத் திருச்சியில் இருக்கும் மைத்துனர் மூலமே முதலில் விளங்கியது. இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 வரை, ஒவ்வொரு மாதமும் 10 ஆம் திகதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் கணக்கு எந்த அளவுக்குக் கீழிறங்கியதோ, அந்த ஆகக் குறைந்த மீதிக்கு மட்டுமே வட்டி கொடுக்கப்பட்டது. அந்த நாளிலிருந்துதான் ரிசர்வ் வங்கியின் உத்தரவால் நாளாந்தக் கணிப்பு வந்தது. என் காலாண்டை அந்தப் பழைய முறையில் கணித்துப் பார்த்தேன். ஜூலைக்கு 120,000, ஓகஸ்டுக்கு 70,000, செப்டெம்பருக்கு 70,000 என்று எடுத்தால் வட்டி 650 ரூபாவோடு நின்றுவிடுகிறது. பதினைந்து நாட்கள் கணக்கில் நின்ற 320,000 ரூபா தனியாகவே ஈட்டிய 394 ரூபா 52 சதம் பெரும்பாலும் காணாமற் போகிறது. பணம் சிறிது காலமே தங்கி வெளியே போகும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

மூன்று மாதம் காத்திருக்க வைப்பதைப் பற்றியும் முன்பு கடுமையாகப் பேசியிருக்கிறேன். அதைக் கணக்காகப் பார்த்தபோது என் பேச்சு அளவுக்கு மிஞ்சியது என்று தெரிந்தது. ஒரு இலட்சம் ரூபாவை ஓராண்டு அசையாமல் வைத்தால், காலாண்டுக்கு ஒரு முறை வரவுவைக்கும்போது வரிக்கு முன் 3,033 ரூபா 92 சதம் சேரும். மாதந்தோறும் வரவுவைத்தால் 3,041 ரூபா 60 சதம். முழு ஆண்டுக்கும் வித்தியாசம் எட்டு ரூபாவுக்கும் குறைவு. மாதச் செலவுக்கு வட்டியை எதிர்பார்த்திருப்பவருக்கு மட்டுமே அந்தக் காத்திருப்பு பாரமாக இருக்கும், அவரும் இழப்பது நேரமே அன்றிப் பணமல்ல.

இவ்வளவையும் கேட்ட நண்பர், அப்படியென்றால் அங்கேயே கணக்கைத் திறக்கலாமே என்றார். வேண்டாம் என்று சொன்னேன். ஒரு சதமும் தவறாமல் கணிக்கிற வங்கிதான், ஆனால் கணித்த விதத்தை ஒரு தாளில் எழுதித் தர மறுக்கிற இடத்தில் ஓய்வூதியப் பணத்தைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கணக்கையும் டிசம்பர் 31 வட்டி விழுந்த பிறகு மூடிவிடப்போகிறேன். நண்பர் இன்னொரு வங்கியில் விசாரித்துவிட்டு நேற்று வந்தார். அங்கே வட்டி விபரத் தாள் கேட்டால் தருவார்களாம். வீதம் அரைச் சதவீதம் குறைவாம். இரண்டு வீதங்களிலும் தன் பணத்துக்கு என்ன வரும் என்று பார்ப்பதற்காக என் கொப்பியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.