20 இலட்சம் காப்புறுதிக்கு 3 இலட்சம் செக்: ஏஜென்ட் நிரப்பிய படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்

இறந்துபோன என் கணவரின் காப்புறுதிப் பணத்தை மறுத்து நேற்று பின்னேரம் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. இன்னும் கை நடுங்குது, அதனால் எழுத்து முன்னுக்குப் பின் இருந்தால் மன்னியுங்கள். கம்பெனி பெயர் எழுதவில்லை. கொழும்பில் பெரிய கண்ணாடிக் கட்டிடம் வைத்திருக்கும் ஆயுள் காப்புறுதிக் கம்பெனிகளில் ஒன்று, அவ்வளவு போதும்.

என் கணவர் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்தவர். 2021 செப்டம்பரில் 20 இலட்சத்துக்குப் பொலிசி எடுத்தார், மாதம் 7,500 ரூபா. ஏஜென்ட் வேற்று ஆள் இல்லை, அவரோடு படித்தவரின் தம்பி. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேசையில்தான் படிவம் நிரப்பினது, நான்தான் பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். படிவம் முழுக்க இங்கிலீஷ். சிகரெட் பழக்கம் உண்டா என்ற இடம் வந்தபோது இவர் மறைக்கவில்லை, "நாளைக்கு அஞ்சு குடிப்பன்" என்று சொன்னார். தம்பி சிரித்துக்கொண்டு, "அதைப் போட்டா மெடிக்கல் செய்யச் சொல்லுவாங்கள் அண்ணா, பிரீமியமும் ஏறும், நான் பாத்துக்கொள்றன்" என்று இல்லை என்ற கட்டத்தில் சரி போட்டார். சொந்தப் பிள்ளை மாதிரி வீட்டுக்குள் வந்து போகிறவர், எங்களுக்கு எதிராகவா செய்யப்போகிறார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்த ஒரு சரி அடையாளத்தின் விலை 20 இலட்சம்.

2025 ஜனவரி தொடக்கத்தில் விடியப்புறம் இவருக்கு நெஞ்சு வலி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே ஒரு சின்ன டொக்டர் பிள்ளை கேட்டார், சிகரெட் குடிப்பாரா, எத்தனை வருசமா என்று. உயிரைக் காப்பாற்றக் கேட்கிறார், பொய் சொல்ல முடியுமா? "இருவது வருசமா, நாளைக்கு அஞ்சு" என்றேன். அவர் எழுதினார். பெட் ஹெட் டிக்கெட் என்று கட்டிலில் தொங்கும் அந்தத் தாளைத்தான் பிறகு கம்பெனி பிரதி எடுத்து எனக்கே காட்டியது. என் வாயால் சொன்னதை வைத்தே என் பிள்ளைகளின் காசை நிறுத்தினார்கள்.

மரண அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் கொடுத்துவிட்டு அலைந்தது ஒரு தனிக் கதை. "ஃபைல் மேல போயிருக்கு மிஸ்", "அந்த மெடம் லீவு", "அடுத்த கிழமை போன் பண்ணுங்க". ஏஜென்ட் தம்பி முதல் மாதம் "கவலைப்படாதீங்க அக்கா" என்றார், இரண்டாம் மாதம் போன் எடுக்கவில்லை, மூன்றாம் மாதம் "நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்ல" என்றார். நேற்று வந்த கடிதத்தில் இரண்டு காரணம்: புகைப்பழக்கத்தை மறைத்தது, வயதைப் பிழையாகச் சொன்னது. கட்டிய 40 மாதப் பிரீமியம் 3 இலட்சத்தை இரக்கத்தின் பேரில் திருப்பித் தருகிறார்களாம். இரக்கமாம்! அது இவர் கட்டிய காசு.

முதலில் வயது விசயம். 1990இல் இடம்பெயர்ந்தபோது இவரின் பிறப்புப் பத்திரம் தொலைந்துபோனது. அதனால் உத்தேச வயதில் அடையாள அட்டை எடுத்தார், இலக்கம் 76 என்று தொடங்கும், அந்த முதல் இரண்டு இலக்கம்தான் பிறந்த வருசம். பிறகு பதிவேட்டிலிருந்து எடுத்த பிரதியில் 1974. ஏஜென்ட் அட்டையைப் பார்த்து எழுதினார், கம்பெனியும் அதே அட்டையின் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டுதான் பொலிசி தந்தது. அவர்களுக்குத் தெரியாமல் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

இன்று காலை மச்சான் ஒருவர், முன்பு வேறொரு காப்புறுதிக் கம்பெனியில் கிளெயிம் பிரிவில் இருந்தவர், பொலிசிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். வயது பிழைத்தால் முழுக்க மறுப்பதில்லை, தொகையைச் சரிசெய்வதுதான் வழமை, எங்கள் புத்தகத்திலும் அந்த வாசகம் இருக்கிறது. சரியான வயதுக்கு மாதம் 8,000 வரவேண்டியிருந்தால், நாங்கள் கட்டிய 7,500க்கு ஏற்ற விகிதத்தில் 20 இலட்சம் 18 இலட்சத்து 75 ஆயிரமாகக் குறையும். குறைவது ஒன்றேகால் இலட்சம், அவ்வளவுதான். அதை வைத்து 20 இலட்சத்தையும் மறுப்பது எந்த ஊர் நியாயம்?

சிகரெட்தான் சிக்கல், அதை ஒளிக்க மாட்டேன். புகைப்பழக்கம் கம்பெனி முடிவெடுக்கப் பார்க்கும் முக்கியமான விசயம், நெஞ்சு வருத்தத்தோடும் நேரடித் தொடர்பு, அதனால் அவர்கள் கை பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் புத்தகத்தில் இன்னொரு வாசகமும் உண்டு: இரண்டு வருடம் கடந்தபின், தெரிந்தே ஏமாற்றினார் என்று காட்டினால் ஒழிய, பிழையான பதிலைக் காட்டிப் பொலிசியைக் கேள்வி கேட்க முடியாது. இவர் 3 வருடமும் 4 மாதமும் கட்டினார். ஏமாற்ற நினைத்தவர் ஏஜென்ட்டிடம் உண்மையைச் சொல்லியிருப்பாரா? படிவத்தின் கடைசியில் "எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறதாம், அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் அதே தம்பிதான். படிவத்தை நிரப்பும்போது ஏஜென்ட் உங்கள் ஆள், எங்கள் ஆள் இல்லை என்று கம்பெனி சொல்லும் என மச்சான் முன்கூட்டியே எச்சரித்தார். ராத்திரி இவரின் பழைய போனைத் தோண்டினேன். வாட்ஸ்அப்பில் அந்தத் தம்பியின் குரல், "அண்ணா சிகரெட் விசயம் யோசிக்காதீங்க, நான் இல்லையெண்டு போட்டுட்டன்". கேட்டுக்கொண்டே இருந்தேன், அழுகைதான் வந்தது. உடனே வேறு இரண்டு போனுக்கு அனுப்பி வைத்தேன்.

நொமினியாக இருப்பவர்களுக்கு ஆறுதலாக நிறைய எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், தலை ஓடவில்லை, இதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். 3 இலட்சம் செக்கோடு வந்த டிஸ்சார்ஜ் ஃபோமில் கையெழுத்து வைக்காதீர்கள், "முழுமையான இறுதித் தீர்வாக" என்று அதில் இருக்கும், வைத்தால் மிச்சம் 17 இலட்சத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. மறுப்பைப் போனில் கேட்டுவிட்டு வராதீர்கள், காரணத்தோடு கடிதமாகக் கேளுங்கள். பொலிசி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவம், மெடிக்கல் ரிப்போர்ட், ஏஜென்ட் தன் பங்குக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை மூன்றின் பிரதியும் கேளுங்கள். உண்மையைப் போட்டிருந்தால் பொலிசியே தந்திருக்க மாட்டீர்களா, இல்லை பிரீமியத்தைத்தான் கூட்டியிருப்பீர்களா என்றும் எழுத்தில் கேளுங்கள், கூட்டியிருப்போம் என்றால் தொகையைக் குறைத்துத் தாருங்கள் என்று வாதாட இடம் வரும். கம்பெனிக்குள் முறைப்பாடு செய்து இறுதிப் பதில் வாங்கின பிறகுதான் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அங்கே கட்டணம் இல்லை. ஆனால் வழக்குப் போட்டுவிட்டால் அவர் பார்க்க மாட்டார், ஆகவே முதலே கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், கொழும்பு உலக வர்த்தக மையத்தில் இருக்கிறது.

இப்போது பொலிசி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே படிவத்தின் பிரதியை எடுத்து, பழக்கம், வருத்தம், வயது மூன்றையும் பாருங்கள், பிழை இருந்தால் உயிரோடு இருக்கும்போதே கடிதம் கொடுத்துத் திருத்துங்கள், பிரீமியம் ஏறினால் ஏறட்டும்.

மூத்தவளுக்கு வருகிற வருசம் உயர்தரம். நாளைக் காலை ஒன்பதுக்கு முறைப்பாட்டுக் கடிதத்தோடு அந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்குப் போகிறேன், இரண்டு பிரதி, ஒன்றில் அவர்களின் சீல் குத்தி வாங்காமல் வெளியே வரமாட்டேன்.