வாங்க விடுமா, தடுக்குமா: இஎம்ஏ சாய்வு, எம்ஏசிடி கிராஸ்ஓவர், இம்பல்ஸ் நிறம்

சார்ட்டில் கேண்டில்களுக்குப் பச்சை, சிவப்பு, நீலம் பூசும் இம்பல்ஸ் முறையை உருவாக்கியவர் அலெக்சாண்டர் எல்டர். மனநல மருத்துவராக இருந்து டிரேடிங்குக்கு வந்தவர். 13 நாள் இஎம்ஏவும் எம்ஏசிடி ஹிஸ்டோகிராமும் சேர்ந்து ஏறினால் பச்சை, சேர்ந்து இறங்கினால் சிவப்பு, ஆளுக்கொரு திசையில் போனால் நீலம். பச்சையில் ஷார்ட் போகக் கூடாது, சிவப்பில் வாங்கக் கூடாது. நீலத்தில் இரண்டுக்கும் தடை இல்லை. இந்த வேலைக்கு இஎம்ஏ சாய்வு மட்டும் போதும் என்பவர்களும், எம்ஏசிடி கிராஸ்ஓவரே போதும் என்பவர்களும் உண்டு. மூன்றையும் ஒரே சார்ட்டில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் இஎம்ஏ. நேற்றைய இஎம்ஏவுக்கும் இன்றைய குளோஸுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏழில் ஒரு பங்கைக் கூட்டினால் இன்றைய 13 நாள் இஎம்ஏ வந்துவிடும். அப்படியென்றால் குளோஸ் நேற்றைய இஎம்ஏவுக்கு மேலே முடிந்தால் சாய்வு மேலே, கீழே முடிந்தால் கீழே. 'விலை இஎம்ஏவுக்கு மேலே இருக்கிறதா' என்பதும் 'இஎம்ஏ ஏறுகிறதா' என்பதும் கணக்கில் ஒரே கேள்விதான். இரண்டையும் தனித்தனி ஃபில்டராகப் போட்டு இரட்டை உறுதி கிடைத்ததாக நினைப்பவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

எம்ஏசிடிக்கும் அதன் சிக்னல் லைனுக்கும் உள்ள இடைவெளிதான் ஹிஸ்டோகிராம். அது தருவது வேறு தகவல். 12, 26, 9 அமைப்பில், நேற்றைய ஹிஸ்டோகிராமில் கால் பங்குக்கு மேல் இன்று எம்ஏசிடி ஏறினால்தான் ஹிஸ்டோகிராம் உயரும். நேற்று 2 என்றால் எம்ஏசிடி இன்று 0.5-க்கு மேல் ஏற வேண்டும். குறைவாக ஏறினால், ஏற்றம் தொடர்ந்தாலும் ஹிஸ்டோகிராம் இறங்கும். கிராஸ்ஓவர் இந்த வேகக் குறைவைக் கண்டுகொள்வதில்லை. எம்ஏசிடி சிக்னல் லைனுக்கு மேலே இருக்கிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி.

ஒரு கற்பனைப் பங்கை வைத்துக் கணக்குப் போடலாம். நேற்றைய 13 நாள் இஎம்ஏ 497, எம்ஏசிடி 6, சிக்னல் 4, ஹிஸ்டோகிராம் 2. இன்று 504-இல் முடிகிறது. இஎம்ஏ 498 ஆகிறது, சாய்வு மேலே. எம்ஏசிடி 6.08 ஆகிறது, கிராஸ்ஓவரும் வாங்கு என்கிறது. ஆனால் ஹிஸ்டோகிராம் 1.66-க்கு இறங்கிவிட்டது. ஆகவே நிறம் நீலம்: வாங்கத் தடை இல்லை, ஆனால் வேகம் குறைகிறது. மறுநாள் 491-இல் முடிகிறது. இஎம்ஏ 497-க்குத் திரும்புகிறது, ஹிஸ்டோகிராம் 0.5-க்கு விழுகிறது. நிறம் சிவப்பு, வாங்கக் கூடாது. அதே நேரம் எம்ஏசிடி 5.04, சிக்னல் 4.54. கிராஸ்ஓவர் இன்னமும் வாங்கு பக்கமே நிற்கிறது! இஎம்ஏ சாய்வும் அன்றுதான் திரும்பியது. முந்தைய நாள் அது எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

இதை வைத்து இம்பல்ஸ் எல்லாவற்றிலும் மேல் என்று நான் சொல்ல மாட்டேன். தடுப்பதற்கு மூன்றில் அதுதான் சிறந்தது. வாங்கும் சிக்னலாகப் பயன்படுத்தினால் ஏமாற்றும். பச்சை வரும்வரை காத்திருந்தால், பல முறை ஏற்றத்தில் பாதி போன பிறகுதான் நுழைவீர்கள். சிவப்பு மறைந்து நீலம் வந்ததும் நுழைவதே அந்த முறையின் நோக்கம். பக்கவாட்டுச் சந்தையிலோ குளோஸ் இஎம்ஏவை ஒட்டியே முடியும். சில பைசா வித்தியாசத்தில் நிறம் புரளும். அங்கே சாய்வு ஃபில்டரும் இதே பாடுதான் படும்.

கோடில் ஒரு தவறை அடிக்கடி பார்க்கிறேன்: ஹிஸ்டோகிராம் பூஜ்யத்துக்கு மேலே இருக்கிறதா என்று சோதிப்பது. அப்படி எழுதினால் அது மறுபடி கிராஸ்ஓவர்தான். ஒப்பிட வேண்டியது நேற்றைய மதிப்போடு. டிரேடிங்வியூவில்:

```
//@version=5
indicator("Impulse", overlay=true)
e = ta.ema(close, 13)
[m, s, h] = ta.macd(close, 12, 26, 9)
up = e > e[1] and h > h[1]
dn = e < e[1] and h < h[1]
barcolor(up ? color.green : dn ? color.red : color.blue)
```

எல்டர் இதை இரண்டு டைம்ஃப்ரேமில் பார்க்கச் சொல்கிறார். டெய்லி சார்ட்டில் டிரேட் செய்பவருக்கு வீக்லி சார்ட்தான் முதல் அனுமதி. அது சிவப்பாக இருந்தால் டெய்லி பச்சையைப் பார்த்து வாங்கக் கூடாது. சிக்கல் எங்கே என்றால், புதன்கிழமை நீங்கள் பார்க்கும் வீக்லி நிறம் முடிவானது அல்ல. வெள்ளிக்கிழமை குளோஸ் வரை அது மாறலாம். பழைய சார்ட்டில் சோதித்துப் பார்க்கும்போது முடிந்த வாரத்தின் நிறத்தை அந்தப் புதன்கிழமைக்கே கொடுத்துவிட்டால், நடக்காத லாபம் கணக்கில் ஏறிவிடும். அதனால் சோதனையிலும் நேரடி டிரேடிலும் போன வாரம் முடிந்த கேண்டிலின் நிறத்தையே எடுங்கள். அனுமதி சில நாள் தாமதமாகும், ஆனால் இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்கும்.