வாக்கியத்துக்கு வாக்கியமா, கருத்துக்குக் கருத்தா?

வெளியிலிருந்து வந்த ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசுகிறார். பக்கத்தில் நின்று நீங்கள் தமிழில் சொல்கிறீர்கள். அவர் எங்கே நிறுத்துவது? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தலாம், அல்லது ஒரு கருத்து முடியும்வரை, ஒன்றிரண்டு நிமிடம், பேசிவிட்டு நிறுத்தலாம்.

நிறுத்தாமலே காதுக்கருவி வழியாக உடனுக்குடன் சொல்லும் முறையும் உண்டு. அதற்கு ஒலி புகாத அறை வேண்டும், 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். பெரிய கூட்டம், நேரமும் குறைவு என்றால் அதுதான் வழி. இங்கே ஆசிரியரோடு மேடையில் ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கும் உரையைப் பார்ப்போம்.

வாக்கிய முறை எளிதாகத் தெரியும். நினைவில் வைக்க வேண்டியது குறைவு, குறிப்பும் வேண்டாம். சிக்கல் என்னவென்றால், ஆசிரியர் சீக்கிரமே வாக்கியத்தின் நடுவிலும் நிறுத்தப் பழகிவிடுவார். அவர் சொல்ல வந்தது இது: ‘கோபம் தப்பு என்பதற்காக அதை விடச் சொல்லவில்லை, அது உங்களைக் களைக்க வைக்கிறது, அதனால் விடச் சொல்கிறேன்.’ ஆங்கிலத்தில் ‘சொல்லவில்லை’ முதலிலேயே வந்துவிடும், ‘தப்பு என்பதற்காக’ பின்னால்தான் வரும். முதல் துண்டோடு அவர் நிறுத்தினால், நீங்கள் ‘கோபத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை’ என்பீர்கள். அவையில் தலைகள் ஆடும். அடுத்த துண்டு வந்ததும் அர்த்தம் தலைகீழாகிவிடும். ஆடிய தலைகள் சட்டென்று நின்றால் ஏதோ தவறிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கருத்து முறையில் இந்த விபத்து நடக்காது, ஏனென்றால் வாய் திறக்கும்முன் முழுசும் கேட்டாகிவிட்டது. தொனியும் இதில்தான் தங்குகிறது. அவர் மெல்ல ஏற்றி, ஒரு கணம் அமைதியாக இருந்து, கடைசி வரியைச் சொன்னாரா? நீங்களும் அந்த அமைதியை விட்டுச் சொல்லலாம்.

ஆனால் இதற்குக் குறிப்பு எடுக்கத் தெரிய வேண்டும். சொற்களை எழுதாதீர்கள், எழுதப்போனால் கேட்பது நின்றுவிடும். மேலே சொன்ன பேச்சுக்கு என் தாளில் மூன்றே வரி இருக்கும்: ‘கோபம் விடு’; கீழே ‘தப்பு’ என்று எழுதி அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு; ஓரத்தில் ‘ஆனால்’; அதற்கு நேரே ‘களைப்பு’. இந்த இணைப்புச்சொல்லைத் தவறவிட்டால் வாதமே போய்விடும். பெயரும் எண்ணும் நினைவில் நிற்காது, வந்த உடனே எழுதிவிடுங்கள். அவர் நிறுத்தியதும் குறுக்கே ஒரு கோடு போட்டால் பழைய குறிப்பு புதியதோடு கலக்காது.

இரண்டு முறையிலும் ‘நான்’ என்றால் ஆசிரியர்தான். ‘அவர் என்ன சொல்கிறார் என்றால்’ என்று தொடங்கினால் அவையினர் அவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்க ஆரம்பிப்பார்கள். உங்கள் தவறைத் திருத்தும்போது மட்டும் ‘மொழிபெயர்ப்பாளரின் திருத்தம்’ என்று தனியாகச் சொல்லுங்கள்.

வாக்கிய முறையை அடியோடு ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ‘கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்’ என்று பயிற்சி தரும்போது அதுவே சரி. இரண்டு நிமிடம் காக்க வைத்தால் பயிற்சியே கெடும். மற்ற நேரத்துக்கு, உரைக்கு முன்பே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள்: ‘ஒரு கருத்து முடிந்ததும் நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். நான் கையை லேசாக உயர்த்தினால், போதும் என்று அர்த்தம்.’