ஒரே அட்டவணை, மூன்று தீர்ப்புகள்: பொதுக் கோட்பாட்டைக் கண்டெடுக்கும் வழிகள்

சர்வதேச நீதிமன்றத்தின் சட்டவிதிகளில் 38ஆம் பிரிவு, அந்நீதிமன்றம் எவற்றைக் கொண்டு தீர்ப்பளிக்கலாம் என்று வரிசைப்படுத்துகிறது. முதலில் ஒப்பந்தங்கள், அடுத்து நாடுகளிடையே நிலைத்துவிட்ட வழக்காறு, மூன்றாவதாக "நாகரிக நாடுகள் ஏற்றுக்கொண்ட சட்டத்தின் பொதுக் கோட்பாடுகள்". மூன்றாவது வரி 1920இல் தி ஹேக் நகரில் கூடிய சட்ட வல்லுநர் குழுவில் ஒரு சமரசமாகப் பிறந்தது. ஒப்பந்தமும் வழக்காறும் கைவிடும் இடத்தில் நீதிமன்றம் கைகட்டி நிற்கக் கூடாது என்றார் பெல்ஜியத்தின் தெகாம்ப். நாடுகள் ஒப்புக்கொள்ளாத விதியை அவற்றின் மேல் சுமத்தலாகாது என்றார் அமெரிக்காவின் எலிஹு ரூட். எல்லா நாடுகளும் தம் உள்நாட்டு நீதிமன்றங்களில் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளே இவை என்று விளக்கி இரு தரப்பையும் இணங்க வைத்தவர் இங்கிலாந்தின் ஃபில்லிமோர். ஆனால் அவ்வாறு ஏற்றுக்கொண்டார்கள் என்பதை எப்படி நிறுவுவது என்று குழு எழுதி வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஒன்றோடொன்று போட்டியிடும் மூன்று வழிகள் வளர்ந்தன. மூன்றும் ஒரே மேசையில் மோதிய வழக்கு, முன்னாள் யுகோஸ்லாவியாவில் நடந்த போர்க்குற்றங்களை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு 1997 அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்த எர்தெமோவிச் வழக்கு.

திராஜென் எர்தெமோவிச், பொஸ்னிய செர்பியர்களின் படையில் பணியாற்றிய ஒரு குரோவாத்திய இளைஞர். 1995 ஜூலை 16 அன்று, ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து பேருந்துகளில் கொண்டுவரப்பட்ட முஸ்லிம் ஆண்களைப் பத்துப் பத்துப் பேராக நிறுத்திச் சுடும்படி, பிலிட்சா அருகிலுள்ள பண்ணை ஒன்றில் அவருடைய பிரிவுக்கு ஆணை வந்தது. அவர் மறுத்தார். அவர்கள் மேல் இரக்கம் இருந்தால் நீயும் போய் அவர்களோடு நில், உன்னையும் சுடுகிறோம் என்று பதில் கிடைத்தது. அதன்பின் அவர் சுட்டார். தம் கையால் எழுபது பேர் வரை இறந்திருக்கலாம் என்று அவரே சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு விசாரணை அமர்வு பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் எழுந்த கேள்வி இது: தன் உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும் கட்டாயநிலையில் நிரபராதிகளைக் கொன்ற படைவீரருக்கு, அக்கட்டாயம் முழு விடுதலை தரும் எதிர்வாதமா, அல்லது தண்டனையைக் குறைக்கும் காரணம் மட்டுமா?

நீதிபதிகளான அமெரிக்காவின் மெக்டொனால்டும் மலேசியாவின் வோராவும் கூட்டாக எழுதிய கருத்துரை முதல் வழியைக் கையாண்டது. அது எண்ணிப் பார்க்கும் வழி. பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி போன்ற ஐரோப்பியக் குடிமைச் சட்ட மரபினர், இங்கிலாந்து, இந்தியா, மலேசியா போன்ற, ஆங்கில நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி வளர்ந்த பொதுச் சட்ட மரபினர், இவ்விரண்டிலும் அடங்காத சில நாடுகள் எனப் பிரித்து, ஒவ்வொரு நாட்டின் தண்டனைச் சட்டமும் என்ன சொல்கிறது என்று தொகுத்தார்கள். முதல் குழுவில் பெரும்பாலான நாடுகள் கொலைக்கும் கட்டாயநிலையை முழு எதிர்வாதமாக அனுமதித்தன. இரண்டாம் குழு பொதுவாகக் கொலையை விலக்கி வைத்தது. இந்திய வாசகர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான்: உடனடி மரண பயத்தால் செய்தது குற்றமாகாது என்று சொன்ன இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, கொலையையும் மரண தண்டனைக்குரிய அரசுக்கு எதிரான குற்றங்களையும் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது, அதற்குப் பின் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவும் அதே விலக்கைத் தொடர்கிறது. ஆகவே இருவரும் கண்ட முடிவு, கட்டாயத்தின் கீழ் செய்தவரின் பழி குறைவு என்பதில் எல்லா நாடுகளும் ஒன்றுபடுகின்றன, ஆனால் நிரபராதியைக் கொல்வதற்கு அது முழு எதிர்வாதமா என்பதில் பொது விதி ஏதும் இல்லை.

இதுவரை நேர்மையான வேலை. சிக்கல் அடுத்த அடியில் வருகிறது. அட்டவணை விடை தரவில்லை என்றான பிறகு, போர்க்காலத்தில் நலிந்தவர்களைக் காப்பது சட்டத்தின் கடமை என்ற கொள்கைக் காரணத்தால் இருவரும் எதிர்வாதத்தை மறுத்தார்கள். அந்த நோக்கத்தில் குறை காண்பது கடினம். ஆனால் அது நாடுகளின் சட்டங்களிலிருந்து எடுத்த கோட்பாடு அல்ல, நீதிபதிகள் செய்த தேர்வு. எண்ணும் வழியில் இந்தப் பள்ளம் எப்போதும் உண்டு: எண்ணிக்கை ஒருமித்தால் எல்லாம் சரி, பிரிந்துவிட்டால் வழி அங்கேயே முடிகிறது, அதற்கப்பால் நடப்பவர் வேறு எதையோ பிடித்து நடக்கிறார்.

ஆஸ்திரேலியாவின் நீதிபதி ஸ்டீபன், அதே நாடுகளைப் பார்த்து நேரெதிர் முடிவுக்கு வந்தார். அவருடையது சாரம் எடுக்கும் வழி. பொதுச் சட்ட மரபு கொலையை ஏன் விலக்கியது என்று அவர் கேட்டார். நிரபராதியைக் கொல்வதைவிடத் தானே சாவது மேல் என்ற பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையிலிருந்து, 1987இல் அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை ஹவ் வழக்கில் அதை மீண்டும் உறுதி செய்தது வரை, அந்த விலக்கின் பின்னால் இருப்பது ஒரு குறிப்பிட்ட தேர்வு: என் உயிரா, அவன் உயிரா. எர்தெமோவிச் முன் அந்தத் தேர்வே இல்லை. அவர் மறுத்திருந்தால் அந்த மனிதர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள், செத்தவர்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும். காரணம் பொருந்தாத இடத்தில் விலக்கும் பொருந்தாது என்று கொண்டால், எல்லா மரபுகளுக்கும் பொதுவாக எஞ்சுவது, கட்டாயநிலை ஓர் எதிர்வாதம் என்ற அடிப்படைக் கோட்பாடு. அதைப் பொதுக் கோட்பாடாக ஏற்கலாம் என்பது அவர் வாதம்.

என் பார்வையில், இரு தரப்பும் உண்மையில் சண்டையிட்டது எண்ணிக்கையைப் பற்றி அல்ல, கேள்வியின் மட்டத்தைப் பற்றி. அதே அட்டவணையிடம் "கட்டாயம் பழியைக் குறைக்குமா?" என்று கேட்டால் எல்லா நாடுகளும் ஆம் என்கின்றன. "கட்டாயம் ஓர் எதிர்வாதமா?" என்று கேட்டால் மிகப் பெரும்பாலானவை ஆம் என்கின்றன. "நிரபராதியைக் கொன்றபோதும் எதிர்வாதமா?" என்று கேட்டால் அவை இரண்டாகப் பிளக்கின்றன. "எப்படியும் இறக்கப்போகிறவரைக் கொன்றபோது?" என்று இன்னும் இறங்கிக் கேட்டால் பெரும்பாலான நாடுகள் பதிலே சொல்லியிருக்காது. எந்த மட்டத்தில் கேட்பது என்று முடிவெடுத்த கணத்திலேயே விடை பாதி தீர்மானமாகிவிடுகிறது. ஒரு தீர்ப்பில் நாடுகளின் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும்போது, அவற்றைச் சரிபார்ப்பதற்கு முன் அந்தக் கேள்வி எந்த வாக்கியத்தில் அமைக்கப்பட்டது என்று பார்ப்பது பயன் தரும். ஸ்டீபனின் வழி மேலானது என்று நான் கருதுவது, தாம் தேர்ந்த மட்டத்திற்கு அவர் காரணம் காட்டியதால்தான். ஆனால் அதே கருவி கட்டுப்பாடின்றிப் பயன்பட்டால், எந்த விலக்கையும் "இது இங்கே பொருந்தாது" என்று உதறிவிட்டு வேண்டிய கோட்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்.

இத்தாலியின் கசேசே மூன்றாவது வழியில் நின்றார். சர்வதேச விசாரணை தனக்கே உரிய இயல்புகள் கொண்டது, உள்நாட்டுச் சட்டக் கருத்துகளை இயந்திரத்தனமாக அதற்குள் இழுத்துவரக் கூடாது என்பது அவர் எச்சரிக்கை. கொலைக்குத் தனி விலக்கு வழக்காற்றுச் சட்டத்தில் உருவாகவில்லை என்றால் பொது விதியே செல்லும், கடும் நிபந்தனைகளோடு வழக்குக்கு வழக்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்றார். கொள்கைக் காரணத்தால் எதிர்வாதத்தை மறுப்பது, செயல் நடந்தபோது இல்லாத விதியால் ஒருவரைத் தண்டிப்பதாகும் என்பது அவருடைய கூர்மையான கண்டனம். ஆனால் மறு ஆண்டே, 1998 டிசம்பரில் அதே தீர்ப்பாயத்தில் ஃபுருந்ஜியா வழக்கைத் தீர்த்த மூவர் அமர்வில் அவரும் இருந்தார். அங்கே பாலியல் வல்லுறவின் வரையறைக்காக நாட்டுச் சட்டங்களைத்தான் தேடினார்கள், "உரிய எச்சரிக்கையோடு" என்ற சொல்லோடு. உள்நாட்டுச் சட்டத்தைத் தொடாமல் குற்றவியல் தீர்ப்பாயம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த வழக்கும் எண்ணுவதில் தொடங்கி இடறியது. வாய்வழி வன்முறையைச் சில நாடுகள் வல்லுறவு என்றும் சில நாடுகள் பாலியல் தாக்குதல் என்றும் வகைப்படுத்தியிருந்தன. ஒருமை காணாத அமர்வு மனித மாண்பு என்ற கோட்பாட்டுக்குத் தாவி, அது வல்லுறவே என்றது. பலவந்தம், அச்சுறுத்தல் ஆகியவற்றை மையமாக வைத்த அதன் வரையறையை, 2001 பிப்ரவரியில் அதே தீர்ப்பாயத்தின் குனாராட்ஸ் வழக்கு அமர்வு குறுகியதாகக் கண்டது. நாடுகளின் சட்டங்களை மூன்று வகைகளாகப் பகுத்து, அவற்றின் அடியில் ஓடுவது தன் உடல் மீதான விருப்பாண்மை என்று கண்டு, சம்மதமின்மையை வரையறையின் நடுவில் வைத்தது. ஸ்டீபனின் வழி இங்கே நன்றாகவே வேலை செய்தது. எடுத்த சாரம், ஒவ்வொரு நாட்டின் விதியையும் விளக்க வல்லதாக இருந்ததே அதற்குக் காரணம்.

கண்டெடுத்த பிறகும் ஒரு படி மீதமிருக்கிறது. உள்நாட்டுச் சட்டக் கருத்தை அதன் விதிகள் அனைத்தோடும் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்று 1950இல் தென்மேற்கு ஆப்பிரிக்கா, அதாவது இன்றைய நமீபியா, பற்றிய தனிக் கருத்துரையில் சர்வதேச நீதிமன்ற நீதிபதி மெக்நேர் எழுதினார். உலக நாடுகளின் சார்பில் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட ஆணைப் பிரதேசத்தை ஆள்பவருக்கு ஆங்கில அறக்கட்டளை முறை வழிகாட்டலாம், ஆனால் அதன் ஒவ்வொரு விதியும் ஒட்டாது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2023இல் முதல் வாசிப்பில் ஏற்ற வரைவும் இவ்விரு படிகளையும் பிரித்தே வைக்கிறது: பல சட்டக் குடும்பங்களையும் வட்டாரங்களையும் தழுவிய ஒப்பீடு, பின் சர்வதேச அமைப்போடு ஒத்துப்போகிறதா என்ற சோதனை. "நாகரிக நாடுகள்" என்ற சொல்லுக்குப் பதில் "நாடுகளின் சமூகம்" என்று அந்த வரைவு எழுதியது தாமதமான திருத்தம், ஆனால் தேவையானது.

எவ்வளவு பரந்த ஒப்பீடும் தானாக வெற்றி தருவதில்லை. தாத்ரா, நகர் அவேலி பகுதிகளுக்குச் செல்ல இந்திய நிலத்தின் வழியே உரிமை கேட்ட போர்ச்சுகல், சூழ்ந்த நிலத்துக்குப் போகும் வழியுரிமை பற்றி அறுபத்து நான்கு சட்ட அமைப்புகளின் ஆய்வைத் தாக்கல் செய்தது. 1960 ஏப்ரல் 12 தீர்ப்பில் சர்வதேச நீதிமன்றம் அதைத் தொடவே இல்லை. இரு நாடுகளிடையே நீண்ட காலம் நடந்துவந்த வழக்கமே போதும் என்று கண்டு, தனிமனிதருக்கும் பொருட்களுக்கும் உரிமை உண்டு, ஆயுதப் படைக்கு இல்லை என்று முடித்தது.

எர்தெமோவிச் வழக்கில் மூன்றாவது நீதிபதி ஒருவரும் மெக்டொனால்டு, வோரா பக்கம் நின்றதால், மூவருக்கு இருவர் என்ற கணக்கில் எதிர்வாதம் தோற்றது. குற்ற ஒப்புதல் அவருக்குச் சரியாக விளக்கப்படாமல் பெறப்பட்டது என்ற வேறு காரணத்தால் வழக்கு திரும்ப அனுப்பப்பட்டது. 1998 ஜனவரியில் போர்க்குற்றத்தை ஒப்புக்கொண்டார், மார்ச்சில் ஐந்தாண்டு பெற்றார், கட்டாயம் தண்டனையைக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலையில் ஏற்கப்பட்ட சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டவிதியின் 31ஆம் பிரிவு கட்டாயநிலையை முழு எதிர்வாதமாக வைத்து, கொலைக்கு விலக்கு எழுதவில்லை. தவிர்க்க முயன்ற தீங்கைவிடப் பெரிய தீங்கை நாடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தது. பிலிட்சா பண்ணையில் நின்றவனின் ஓர் உயிருக்கு எதிரே, எப்படியும் சாகப்போகிற எழுபது பேரை எந்தத் தட்டில் எப்படி வைப்பது என்பதற்கு அந்த வாசகத்தில் பதில் இல்லை.