சீனி வரி சொல்லாத கதை: அம்மாவுக்காக லேபிள் பார்த்துச் சீரியல் வாங்கிய அனுபவம்

அம்மாவுக்கு டைப் 2 நீரிழிவு. இப்போதைக்கு மெற்போமின் மட்டும்தான் எடுக்கிறா. மத்தியானச் சோற்றைக் குறைக்கச் சொன்னால் தலையாட்டுவா. ஆனால் காலையில் ஏதாவது பெட்டிச் சாப்பாடும், பின்னேரம் தேநீரோடு கடிக்க ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதனால் கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளில் சீரியல் தட்டுக்கு முன்னால் நின்று பெட்டிகளைத் திருப்பிப் படிப்பது என் வேலையாகிவிட்டது. நல்ல பிராண்ட் எது என்ற பட்டியல் இதில் இல்லை. எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைத்தான் எழுதுகிறேன்.

இலங்கையில் பெட்டியின் முன்பக்கத்தில் நிறக்குறி இருக்கும். 2016 இல் மென்பானங்களுக்குச் சீனியளவைக் காட்டத் தொடங்கியது. பிறகு மற்ற உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று மூன்றுக்கும் வந்தது. நல்ல ஏற்பாடுதான். சோடா வாங்கும்போது வேறெதுவும் பார்க்கத் தேவையில்லை. ஆனால் சீரியலுக்கும் பிஸ்கட்டுக்கும் அந்த நிறம் பாதிக் கதைதான் சொல்கிறது, ஏனென்றால் அது மாச்சத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

சாதாரண கோர்ன்ஃபிளேக்ஸை எடுங்கள். பிரித்தானியப் பெட்டியொன்றில் 100 கிராமுக்குச் சீனி 8 கிராம், காபோவைதரேற்று, அதாவது மொத்த மாச்சத்து, 84 கிராம் என்று இருக்கும். சீனிக்குச் சிவப்பு விழாது. ஆனால் மிச்சமுள்ள 76 கிராமும் சோளத்தின் மாப்பொருள். மெல்லிய தகடாக அழுத்திப் பொரிபொரியென்று வறுத்திருப்பதால் குடலில் மிக விரைவாகக் குளுக்கோஸாக உடைந்துவிடும். ஓர் உணவின் மாச்சத்து இரத்தச் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைத் தூய குளுக்கோஸை 100 ஆக வைத்துக் காட்டும் கிளைசிமிக் சுட்டெண் அட்டவணைகளில் இதற்கு 80ஐ ஒட்டிய மதிப்புத்தான். “சீனி குறைவெண்டு தானே பெட்டியில போட்டிருக்கு பிள்ளை” என்று அம்மா கேட்டதில் தப்பில்லை. பெட்டி பொய் சொல்லவில்லை, வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பரிமாறும் அளவு. பெட்டி 30 கிராம் என்று சொல்லும், அதன்படி மாச்சத்து 25 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது அம்மா வழக்கமாகப் போடும் கிண்ணம் 55 கிராம் வந்தது. அதாவது 46 கிராம் மாச்சத்து, ஏறத்தாழ ஒரு கோப்பைச் சோற்றில் இருக்கும் அளவு. பால் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சோற்றைக் குறைத்துவிட்டுக் கோர்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. அதனால் நான் “ஒரு பரிமாறல்” நிரலைப் படிப்பதேயில்லை. 100 கிராம் நிரலை எடுத்து, கிண்ணத்தில் போடும் சீரியலின் எடையால் பெருக்கி, 100ஆல் வகுத்துக்கொள்வேன்.

சரி, மாச்சத்து வரியைப் பார்த்தால் போதுமா என்றால், கொழும்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே தட்டில் அமெரிக்கப் பெட்டியும், பிரித்தானியப் பெட்டியும், அவுஸ்திரேலியப் பெட்டியும், உள்ளூர்ப் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் காபோவைதரேற்று என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவில் நார்ச்சத்து அந்த எண்ணுக்கு வெளியே தனி வரியாக நிற்கும். நார்ச்சத்து இரத்தச் சீனியை ஏற்றுவதில்லை என்பதால் அதைக் கழிக்கச் சொல்கிறார்கள். ஆனால் எல்லாப் பெட்டியிலும் கழித்தால் கணக்குப் பிழைக்கும்.

ஓட்ஸில் இது தெளிவாகத் தெரியும். அமெரிக்கப் பெட்டியில் 40 கிராமுக்கு மாச்சத்து 27, அதற்குள் நார் 4. கழித்தால் 23. பிரித்தானியப் பெட்டியில் 100 கிராமுக்கு மாச்சத்து 60, நார் 9. 40 கிராமுக்கு 24 வரும், இங்கே கழிக்கக் கூடாது. இரண்டும் ஒரே தானியந்தான் என்பது இப்படிப் பார்த்தால் பொருந்துகிறது. ஓட்ஸில் தவறினாலும் பெரிய நட்டமில்லை. தவிட்டுச் சீரியலில்தான் உதைக்கும். 100 கிராமுக்கு மாச்சத்து 48, நார் 27 என்று போட்டிருக்கும் பிரித்தானியப் பெட்டியில் யாராவது நாரைக் கழித்தால் 21 என்று வரும். உண்மை அளவில் பாதிகூட இல்லை.

எந்த முறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நார் வரி மாச்சத்து வரிக்குக் கீழே உள்தள்ளி நின்று, மேலே “டோட்டல்” என்றும் இருந்தால் பெரும்பாலும் அடக்கம். உள்ளூர், இந்தியப் பெட்டிகளில் சந்தேகம் வந்தால் ஒரு கூட்டல் போடுவேன். 100 கிராம் நிரலில் கொழுப்பு, புரதம், மாச்சத்து, நார் நான்கையும் கூட்டுங்கள். 100ஐத் தாண்டினால் நார் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது, ஆகவே கழிக்கலாம். நார் மிகுந்த பொருட்களில் இது பளிச்சென்று தெரியும். ஓட்ஸ் போன்றவற்றில் கூட்டுத்தொகை 100க்குள்ளேயே நின்றுவிடலாம்; அப்போது கழிக்காமல் கூடிய எண்ணையே எடுத்துக்கொள்வேன். இறக்குமதிப் பெட்டிகளில் சிலவேளை விலை ஸ்டிக்கரை அட்டவணைக்கு மேலேயே ஒட்டியிருப்பார்கள். எரிச்சல் வரும். அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுவேன்.

லேபிளால் சொல்லவே முடியாத ஒன்றும் உண்டு. உருட்டிய ஓட்ஸுக்கும் உடனடி ஓட்ஸுக்கும் அட்டவணை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கிளைசிமிக் சுட்டெண்ணில் முதலாவது 55 அளவிலும், இரண்டாவது 79 அளவிலும் நிற்கிறது. தானியத்தை எவ்வளவு மெல்லியதாக உடைத்து, முன்கூட்டியே வேகவைத்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம். இதற்கு வீட்டுக் குளுக்கோமீட்டர்தான் பதில் சொல்லும். சாப்பிட முதல் ஒரு தடவை, முதல் வாய் வைத்து இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவை. அதே எடை, அதே பால், சாப்பிட்டபின் நடை எதுவும் இல்லை. ஒரு நாள் எண்ணை நம்பாமல் ஒவ்வொன்றையும் சில நாட்கள் பார்த்தோம். அம்மாவுக்கு உருட்டிய ஓட்ஸில் சாப்பிட முதல் இருந்ததைவிட 40 முதல் 50 mg/dL வரை கூடியது; அதே எடை உடனடி ஓட்ஸில் கூடியது 70ஐத் தாண்டியது. உங்கள் வீட்டில் இந்த எண்கள் வேறாக இருக்கும். இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர்கள் மாச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சீனி மிகவும் கீழே போகலாம், ஆகவே முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

பின்னேரக் கடிக்குப் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிறீம் கிராக்கரில் சீனி குறைவு. ஆனால் 100 கிராமுக்கு 70 கிராமை ஒட்டி மாச்சத்து. குரக்கன் பிஸ்கட் என்று கபில நிறப் பையில் வருவதில் உள்ளடக்கப் பட்டியலை மட்டும் பாருங்கள். எடை கூடியது முதலில் வரவேண்டும் என்பதே விதி. பலவற்றில் முதலில் நிற்பது கோதுமை மா, பிறகு சீனியும் எண்ணெயும், அதற்குப் பிறகுதான் குரக்கன். தேநீர்போலக் கரைத்துக் குடிக்கும் சீரியல் பைகளில் மோல்ற்றோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைத் தேடுங்கள். அது சட்டப்படி சீனி வரியில் சேராது, உடம்பிலோ சீனியைப் போலவே வேகமாக ஏறும்.

அம்மா கடைசியில் ஒத்துக்கொண்டது வறுத்த கச்சான். 30 கிராம் ஒரு பிடியில், நாரைக் கழித்தால், மாச்சத்து 4 கிராம் அளவுதான். ஆனால் கலோரி 170க்கு மேலே போகும், அதனால் பையோடு கொடுப்பதில்லை, சின்னக் கிண்ணத்தில் அளந்து வைப்பேன். உப்புப் போட்டதை வாங்குவதில்லை. அம்மாவுக்குப் பிரஷரும் இருக்கிறது. கிராக்கரை முழுதாக விடமாட்டேன் என்கிறா, கேட்கும் நாளில் இரண்டு.