ஃப்ரீ லெஃப்ட் உள்ள சந்திப்பு: ஒரே மூச்சில் கடப்பதா, பிரித்துக் கடப்பதா?

ஃப்ரீ லெஃப்ட் உள்ள அகலமான சந்திப்பில், நடப்பவருக்குப் பச்சை எரியும்போதும் இடப்புறம் திரும்பும் வாகனங்கள் நிற்பதில்லை. அங்கே சாலையைக் கடக்க மூன்று வழிகள் உண்டு: பச்சை விழுந்ததும் ஒரே மூச்சில் கடப்பது, இடத்திருப்பப் பாதைக்கும் பிரதான சாலைக்கும் இடையே உள்ள முக்கோணத் திட்டிலும், பிரதான சாலையின் நடுத்திட்டிலும் நின்று பிரித்துக் கடப்பது, சந்திப்பை விட்டு விலகிப்போய் வேறிடத்தில் கடப்பது.

முதல் இரண்டையும் ஒரு கணக்கால் ஒப்பிடலாம். இருபுறமும் ஐந்து மீட்டர் அகல இடத்திருப்பப் பாதை, இடையே நடுத்திட்டோடு சேர்த்து 23 மீட்டர் பிரதான சாலை, நடப்பவருக்கு 22 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் நடைபாதையிலேயே பச்சைக்காகக் காத்திருந்து, திரும்பும் வண்டிக்காக மூன்று நொடி தயங்கிப் புறப்பட்டால், நேரம் முடியும்போது 22.8 மீட்டர்தான் கடந்திருப்பார். எதிர்த் திட்டுக்கு இன்னும் ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கும். இடத்திருப்பப் பாதைக்குச் சிக்னலே இல்லாதபோது, அதைக் கடக்கப் பச்சைக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. இடைவெளி கிடைத்தவுடன் முன்னதாகவே அதைக் கடந்து முக்கோணத் திட்டில் நின்றுகொண்டால், 23 மீட்டரை ஏறத்தாழ 19 நொடியில் முடித்துவிடலாம். கடைசி ஐந்து மீட்டரை எதிர்த் திட்டில் நின்று, நிதானமாகப் பார்த்துக் கடக்கலாம். நொடிக்கு 0.9 மீட்டர் நடக்கும் முதியவருக்கு இதுவும் போதாது. அவர் நடுத்திட்டில் நின்று அடுத்த பச்சைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

முதல் பாதையைக் கடக்கும்போது கவனிக்க வேண்டியது ஓட்டுநரின் முகம். இடப்புறம் திரும்புபவர், தாம் சேரப்போகும் சாலையில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய இடப்பக்க நடைபாதையிலிருந்து இறங்குபவர் அவர் கண்ணில் படுவதில்லை. வண்டி மெதுவாவது நமக்காக என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தலை நம் பக்கம் திரும்பிய பிறகே இறங்க வேண்டும். நேராகச் செல்லும் கார் ஒன்று இடது தடத்தில் நின்று வழியை அடைத்திருந்தால் நிம்மதியாகத் தோன்றும். ஆனால் அதற்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையே இருசக்கர வாகனங்கள் நுழைந்து வரும் என்பதால், காரின் மூக்கைத் தாண்டுமுன் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். எதிர்ப்புறக் கடைசிப் பாதையில், வண்டிகள் முனையைச் சுற்றிக்கொண்டு திடீரென்று தோன்றும்.

முக்கோணத் திட்டு இல்லாத சந்திப்பில் பிரிக்க இடம் குறைவு. பச்சையின் தொடக்கத்திலேயே, ஆனால் முதல் தடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுவதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது வழியை, விலகிய இடத்தில் தனிச் சிக்னல் இருந்தால் மட்டுமே நான் ஏற்பேன். அங்கே திரும்பும் வண்டிகளின் தொல்லை இல்லைதான். ஆனால் சிக்னலில் விடுபட்ட வண்டிகள் கூட்டமாக, முழு வேகத்தில் வந்து சேரும் இடமும் அதுவே.