பிரெஞ்சுக் குட்டிக் கதையும் அதன் சொற்பட்டியலும்: நீண்ட நாள் வாசிப்பு அனுபவம்

பிரெஞ்சின் அடிப்படைப் பாடங்களை முடித்து ஏ2 நிலைக்கு வருகிறவர்களுக்கென்றே எழுதப்படும் நகைச்சுவைக் கதைகளை இரண்டு வருடத்துக்கு மேலாகப் படித்து வருகிறேன். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம் இருக்கும். கடைசியில் ஒரு திருப்பம், கூடவே ஒரு சொற்பட்டியல். இத்தனை நாள் புழங்கியதில் ஒன்று உறுதியாகிவிட்டது: இந்த வகைப் புத்தகத்தை வாங்கும்போது முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது சொற்பட்டியலைத்தான். கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பட்டியல் சரியில்லை என்றால் சிரிப்பு வராது.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். லியோன் நகரில் ஒரு சின்ன உணவகம். உணவகங்களுக்கு மதிப்பெண் போடும் ஆய்வாளர் ஒருவர் அந்தப் பகுதியில் சுற்றுகிறார் என்று முதலாளி காதில் விழுகிறது. மதிய நேரம், கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் உள்ளே வருகிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் நல்ல மேஜையாகப் பார்த்து உட்கார வைத்துவிடுகிறார்கள். சூப் வருகிறது, வாத்துக்கறி வருகிறது. மனிதர் அடிக்கடி கூரையைப் பார்க்கிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், ஏதோ எழுதிக்கொள்கிறார். முதலாளிக்கு வியர்க்கிறது. கமாம்பேர் சீஸைக் கொண்டுவந்து வைக்கும் நேரம் பார்த்து அவர் தலையை நிமிர்த்தி "ஸா கூல்", அதாவது "ஒழுகுகிறது" என்கிறார். "ஆமாம் முசியே, நல்ல பக்குவம்!" என்று முதலாளி பூரித்துப்போகிறார். சாப்பிட்டு முடித்ததும் அந்த மனிதர் எழுந்து, "ரொம்ப நன்றி. சரி, கசிவு எங்கே? காலையில் போன் பண்ணினீர்களே, நான்தான் பிளம்பர்" என்கிறார். அதே நேரத்தில் ஜன்னலோரம் ஒரு பெண்மணி, இன்னும் மெனு கார்டுகூட வராத மேஜையில், தன் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கிளம்புகிறார்.

இந்தக் கதைக்கு என் பிரதியில் சொற்பட்டியல் முதல் பக்கத்திலேயே, கதைக்கு முன்னால் அச்சாகியிருக்கிறது. கதையில் வரும் வரிசைப்படி சொற்கள். கடைசி இரண்டு: 'ஃபுயித்' என்றால் தண்ணீர்க் கசிவு, 'ப்ளோம்பியே' என்றால் குழாய் வேலை செய்பவர். ஒரு உணவகக் கதையின் கடைசியில் பிளம்பருக்கு என்ன வேலை? படிக்கத் தொடங்கும் முன்பே முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. வகுப்பில் கேள்வி பதிலுக்குத் தயார்செய்யும் பாடத்துக்கு இந்த முன்பட்டியல் வசதிதான். திருப்பத்தை நம்பி நிற்கும் கதைக்கு அது ஆகாது. பட்டியல் புத்தகத்தின் கடைசியில், எல்லாக் கதைச் சொற்களும் கலந்து அகர வரிசையில் இருப்பது நல்லது. ஓரத்தில், அந்தந்த வரிக்கு நேரே இருந்தால் இன்னும் சுகம். ஆனால் அப்போது கடைசிப் பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு படியுங்கள், கண் தானாகவே கீழே போய்விடும்.

அடுத்தது பொருள் தரும் விதம். 'ஸா கூல்' என்பதில் வரும் 'கூலே' என்ற வினைதான் இந்தக் கதையின் உயிர். பிரெஞ்சில் குழாயும் கூரையும் ஒழுகுவதற்கும் அதே சொல், நன்றாகப் பழுத்த கமாம்பேர் நடுவில் இளகி வழிவதற்கும் அதே சொல். பட்டியலில் 'சீஸ் இளகுதல்' என்று மட்டும் போட்டிருந்தால் வாசகர் முதலாளி பக்கம் சாய்ந்துவிடுவார். 'கூரை ஒழுகுதல்' என்று போட்டிருந்தால் அந்த இடத்திலேயே பிளம்பர் தெரிந்துவிடுவார். வெறுமனே 'ஒழுகுதல்' என்று குறித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும். நான் என் பிரதியின் ஓரத்தில் அப்படித்தான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். திரையில் படிக்கும் கருவிகளின் உள்அகராதி இந்த இடத்தில் உதவுவதில்லை. 'ஃபுயித்' மேல் விரலை வைத்தால் முதலில் வருவது 'தப்பி ஓடுதல்' என்ற பொருள். ஆய்வாளர் பில் கட்டாமல் ஓடப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு கதையை மூடிவிடலாம். கதைக்கென்று கையால் தொகுத்த பட்டியலுக்கு நான் காசு கொடுப்பது இதற்காகத்தான்.

இலக்கணமும் இந்த வகைக் கதையில் ஒளித்து வைக்கும் வேலையைச் செய்கிறது. முதலாளி செய்வதெல்லாம் முடிந்த செயலைச் சொல்லும் பாஸே கொம்போஸே என்ற இறந்தகாலத்தில் வருகிறது: கொண்டுவந்தார், ஊற்றினார், சிரித்தார். பின்னணியில் நடந்துகொண்டிருப்பவை ஆம்பர்ஃபே என்ற இன்னொரு இறந்தகாலத்தில் வருகின்றன: அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு பெண்மணி ஜன்னலருகே காத்துக்கொண்டிருந்தார். ஏ2 வாசகர் சம்பவங்களைத் துரத்திக்கொண்டே ஓடுவதால், ஆம்பர்ஃபே வரிகளை வெறும் வர்ணனை என்று தாண்டிப் போய்விடுகிறார். துப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. முடிவு தெரிந்தபின் அந்த வரிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டு மறுபடி படித்தால், இரண்டு காலங்களுக்கும் உள்ள வேறுபாடு எந்தப் பயிற்சித்தாளும் தராத அளவுக்குத் தெளிவாகிறது.

ஆகவே என் படிக்கும் முறை இது. முதல் தடவை பட்டியலைத் திறக்காமல் கடைசி வரி வரை போவேன், புரியாத சொல்லுக்குக் கீழே புள்ளி மட்டும் வைப்பேன். இரண்டாம் தடவை புள்ளி வைத்தவற்றைப் பட்டியலில் பார்ப்பேன். மூன்றாவது தடவை துப்பு தேடல். கதை நம் நிலைக்கு ஏற்றதா என்று பார்க்கப் புள்ளிகளை எண்ணினாலே போதும். மொழி கற்றலை ஆராய்ந்த ஹூவும் நேஷனும் 2000-ல் ஆங்கிலக் கதையை வைத்துச் செய்த ஆய்வில், பிறர் உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ள ஏறக்குறைய 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். 400 சொல் கதையில் அது 8 தெரியாத சொல். பட்டியல் கூடவே இருப்பதால் 20 வரை சமாளிக்கலாம் என்பது என் அனுபவம். அதற்கு மேல் போனால் சிரிக்க வேண்டிய இடத்தில் அகராதி புரட்டிக்கொண்டிருப்போம்.

குறைகளும் உண்டு. சில தொகுப்புகள் பழைய எழுத்து நடைக்குரிய பாஸே சாம்ப்ள் என்ற இறந்தகாலத்தை விடாமல் வைத்திருக்கின்றன. 'வி' என்று ஒரு சொல் வந்தால் அது 'வாழ்கிறான்' ஆகவும் இருக்கலாம், 'பார்த்தான்' ஆகவும் இருக்கலாம். பட்டியலில் 'வுவார், பார்த்தல்' என்று மூல வினை கொடுக்காவிட்டால் ஏ2 வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். இன்னொன்று, சொல் மட்டும் தந்து பின்னணியைத் தராமல் விடுவது. உணவகங்களை மதிப்பிடும் மிஷ்லன் கையேட்டின் ஆய்வாளர்கள் தாங்கள் யார் என்று சொல்லிக்கொள்ளாமல் வந்து, சாதாரண வாடிக்கையாளர் போலச் சாப்பிட்டு, பில்லையும் கட்டிவிட்டுப் போவார்கள். இது தெரியாமல் படித்தால், முதலாளிக்கு ஏன் வியர்க்கிறது என்பதும், ஜன்னலோரப் பெண்மணி நோட்டை மூடும்போது ஏன் சிரிக்க வேண்டும் என்பதும் புரியாது. என் தொகுப்பில் இதற்கு ஒரு வரிக் குறிப்புகூட இல்லை.

ஒலிப்பதிவோடு வரும் தொகுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். ஆனால் கேட்பதை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்ட சில பதிவுகளில் வாசிப்பவரின் குரல் 'ஸா கூல்' என்ற இடத்திலேயே சிரித்துவிடுகிறது.